செப்டம்பர் எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் கல்யாண ஊர்வலம் பார்த்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த மெட்டு ஒன்று இருக்கிறது. ஆனால் பேர் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முழிப்பார்கள். டெல்லியில் குதிரை மேல் மாப்பிள்ளை வரும்போது பேண்டுக்காரர்கள் வாசிப்பார்கள். நம்ம ஊரில் மெல்லிசைக் கச்சேரி ஆரம்பிக்கும்போது, மைக் டெஸ்டிங் முடிந்த கையோடு, வாசிப்பார்கள். பாட்டு கிடையாது, வரி கிடையாது, வெறும் வாத்தியம். அதனாலேயே அதைப் பிடிப்பது கஷ்டம். வரி ஒன்று காதில் விழுந்திருந்தால் அதை டைப் செய்து தேடிவிடலாம். "டடன் டடன் டன்" என்று டைப் செய்தால் என்ன வரும்?

போன வருஷம் புனேயிலிருந்து கொல்ஹாபூர் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர் பென் டிரைவிலிருந்து ஏதோ இன்ஸ்ட்ருமென்டல் கலெக்‌ஷன் ஓடவிட்டிருந்தார். கீபோர்டும் டிரம்பெட்டும் கலந்த, கல்யாண பேண்டு வகையறா. சாதாராவுக்கு முன்னால் இந்த மெட்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா சட்டென்று நிமிர்ந்து, "டேய், இது எங்க ஊர் தியேட்டர்ல திரை தூக்கறப்போ போடுவாங்கடா" என்றார். அப்பாவுக்கு 78 வயது, ஊரிலிருந்து இரண்டு மாதத்துக்கு வந்திருந்தார். முன்சீட்டு மராத்திக்காரர் திரும்பிப் பார்த்து, மரியாதையாகத்தான், "இல்லை காகா, இது 'ராஜா' படத்துப் பாட்டு, மாதுரி தீட்சித்" என்றார். என் மகள் உடனே போனில் அந்தப் பாட்டைத் தேடிப் போட்டுக் காட்டினாள். அதே மெட்டு. "தாத்தா, நீங்க வேற எதையோ நினைச்சுக்கிட்டீங்க" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "பேர்ல ஏதோ மாசம் வரும்... ஆகஸ்டோ, அக்டோபரோ..." என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இது எனக்கு ஏன் உறுத்தியது என்றால், சமீப காலமாக அப்பாவுக்குப் பேர்கள் மறக்கின்றன. தெரிந்தவர் பேர், மாத்திரை பேர். அதனால் அவர் எதைச் சொன்னாலும் "மாமா வேற எதையோ சொல்றார்" என்று தங்கமணியும் நானும் விட்டுவிடுவது வழக்கமாகிக்கொண்டிருந்தது. இந்த விஷயத்தில் ஒன்று அவர் சொல்வது சரி, அல்லது பாட்டு சரி. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள முடியும் என்று தோன்றியது. பஸ் சத்தத்தோடு பதினோரு வினாடி போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். கையில் இருந்த தடயம் அவ்வளவுதான்.

எல்லாரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஷாஸம் மாதிரியான செயலியிடம் கொடுத்தேன். பதில் இல்லை. பஸ் இரைச்சல்தான் காரணம் என்று மகள் சொன்னாள். ஆனால் இரைச்சல் அவ்வளவு பெரிய தடை இல்லை. ஷாஸம் 2002-ல் பிரிட்டனில் தொடங்கியபோது அது செயலிகூட இல்லை. 2580 என்ற நம்பருக்குப் போன் போட்டு, கிளப்பிலும் பாரிலும் ஒலிக்கிற பாட்டுக்கு நேரே பிடிக்க வேண்டும். கூச்சலுக்கு நடுவே வேலை செய்யத்தான் அதை உண்டாக்கினார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஏவரி வாங் என்பவர் 2003-ல் ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். ஒலியை நேரம் ஒரு பக்கம், சுருதி ஒரு பக்கம் என்று படமாக வரைந்தால் சில இடங்கள் பளிச்சென்று தெரியும். அந்தந்த நொடியில் மிக உரக்க ஒலிக்கும் சுரங்கள் அவை. இருட்டு வானத்தில் நட்சத்திரம் மாதிரி. மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த நட்சத்திரங்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, இது இந்தச் சுருதி, அது அந்தச் சுருதி, நடுவில் இவ்வளவு நேரம் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. நம் பதிவில் அதே மாதிரி ஜோடிகள் அதே வரிசையில் போதுமான அளவு கிடைத்தால் பாட்டைச் சொல்லிவிடும். இரைச்சல் சில நட்சத்திரங்களை மறைக்கும், மீதி போதும்.

இதில் கவனிக்க வேண்டியது, அது அடையாளம் காண்பது மெட்டை இல்லை, ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவை. அதே மெட்டை வேறு ஒருவர் கொஞ்சம் வேகமாக, வேறு சுருதியில் வாசித்துவிட்டால் நட்சத்திரங்கள் எல்லாம் இடம் மாறிவிடும். அதன் கணக்கில் அது வேறு பாட்டு. பஸ்ஸில் ஓடியது எவரோ ஒரு பேண்டு எங்கோ ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிந்தது. அந்தப் பதிவு எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டால் செயலி கையை விரிக்கத்தான் செய்யும். ஆக, பதில் வராதது "இந்த மெட்டு யாருக்கும் தெரியாது" என்பதற்கு அடையாளம் இல்லை.

அப்படியானால் மெட்டையே எப்படித் தேடுவது? இதற்குக் கம்ப்யூட்டர் பரவுவதற்கு முன்பே ஒருவர் வழி கண்டுபிடித்தார். டெனிஸ் பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1975-ல் ஒரு மெட்டு அகராதி போட்டார். சங்கீத ஞானம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு சுரமும் முந்தைய சுரத்தைவிட மேலே போகிறதா, கீழே போகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். மேலே என்றால் `U`, கீழே என்றால் `D`, அதே இடம் என்றால் `R`. முதல் சுரத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. எல்.கே.ஜி. பிள்ளைகள் பாடுகிற "ட்விங்கிள் ட்விங்கிள்" மெட்டின் முதல் பதினாலு சுரங்கள் இப்படி வரும்:

```
*RURURDDRDRDRD
```

பாடிப் பாருங்கள், சரியாக வரும். சுருதி மாறினாலும், வேகம் மாறினாலும், வீணையில் வாசித்தாலும் நாதஸ்வரத்தில் வாசித்தாலும் இந்த எழுத்துக்கள் மாறாது. ஷாஸம் தடுக்கி விழுகிற இடத்தில் இது நடக்கும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஏழு சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டால் ஆறு நகர்வு, மொத்தமே 729 விதங்கள்தான். உலகத்தில் இருக்கிற மெட்டுகளுக்கு அது எம்மாத்திரம்? எதையும் எதோடும் பொருத்திவிடலாம். பார்சன்ஸ் போல பதினாறு சுரம் வரை எடுத்தால் ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவான விதங்கள் கிடைக்கும். அப்போது ஒத்துப்போனால் அதற்கு அர்த்தம் உண்டு. "இளையராஜா அங்கேர்ந்து சுட்டார், ரஹ்மான் இங்கேர்ந்து சுட்டார்" என்று மூன்று சுரத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை.

இன்னொரு சிக்கல், பேண்டுக்காரர்கள் சும்மா வாசிக்க மாட்டார்கள். நடுவில் ஒரு கமகம், ஒரு துள்ளல் சேர்ப்பார்கள். அலங்காரச் சுரத்தையும் எண்ணினால் குறியீடு கெட்டுப்போகும். தாளம் விழுகிற இடத்தில் இருக்கும் சுரங்களை மட்டும் எடுக்க வேண்டும். நான்கு தடவை போட்டுக் கேட்டு எழுதினேன். "ராஜா" பாட்டின் பல்லவியையும் அதே மாதிரி எழுதினேன். இரண்டும் ஒத்துப்போயின. முன்சீட்டுக்காரர் மெட்டை அடையாளம் கண்டதில் தப்பில்லை.

ஆனால் ஒத்துப்போவது என்பது உறவைத்தான் காட்டும். அப்பா யார், பிள்ளை யார் என்று காட்டாது. அதற்கு வருஷம் வேண்டும்.

"ராஜா" 1995-ல் வந்த படம். இந்திர குமார் இயக்கம், நதீம்-ஷ்ரவண் இசை. "நஜ்ரே மிலீ" என்று தொடங்கும் அந்தப் பாட்டை உதித் நாராயணும் அல்கா யாக்னிக்கும் பாடியிருந்தார்கள். அப்பாவிடம் எந்த தியேட்டர் என்று கேட்டேன். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன தியேட்டர், பேர் வரவில்லை அவருக்கு. ஆனால், "உங்க சித்தி கல்யாணம் அந்த இடத்துலதானேடா நடந்துச்சு, தியேட்டரை இடிச்சு மண்டபம் கட்டினப்புறம்" என்றார். சித்தி கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. 1984. ஆக தியேட்டர் 1984-க்கு முன்பே இடிபட்டுவிட்டது. 1995-ல் வந்த பாட்டை அங்கே போட்டிருக்க முடியாது. அப்பாவின் ஞாபகத்தில் பேர் கழன்று போயிருந்தது, இடமும் காலமும் கழலவில்லை.

இந்த மாதிரித் தேடலில் முக்கியமான வேலையே இதுதான் என்று நினைக்கிறேன். "நான் சின்ன வயசில் கேட்டேன்" என்பது போதாது. எல்லாருக்கும் எல்லாமே சின்ன வயசில் கேட்ட மாதிரிதான் இருக்கும். அதைக் கேட்ட இடம் எப்போது மூடியது, கேட்ட ரேடியோ எப்போது வாங்கியது, கூட இருந்தவர் எப்போது ஊரை விட்டுப் போனார் என்று, மெட்டோடு சம்பந்தமில்லாத ஒரு தேதியில் கொண்டுபோய் அதைக் கட்டிவிட வேண்டும்.

பேருக்கு ஊரில் இருக்கும் சித்தப்பாவைப் பிடித்தேன். அவர் வாலிபத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாங்கோஸ் வாசித்தவர். போனில் இரண்டு வரி விசிலடித்தேன். முடிக்கக்கூட விடவில்லை. "டேய், கம் செப்டம்பர்டா! கச்சேரியே அதுலதானே ஆரம்பிப்போம்" என்றார். அப்பா சொன்ன மாசம் கிடைத்துவிட்டது. ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் நடுவில் சரியாக மாட்டிக்கொண்டிருந்தது.

"கம் செப்டம்பர்" 1961-ல் யுனிவர்சல் வெளியிட்ட ஹாலிவுட் படம். ராபர்ட் மல்லிகன் இயக்கியது. ராக் ஹட்சன், ஜீனா லொல்லோபிரிஜிடா, சாண்ட்ரா டீ, பாபி டாரின் நடித்தது. கதை இதுதான். பெரிய பணக்காரர் ஒருவருக்கு இத்தாலியில் கடலோர மாளிகை இருக்கிறது. வருஷத்தில் செப்டம்பர் மாதம் மட்டும்தான் அங்கே வருவார். மீதி பதினோரு மாதமும் மாளிகையைப் பார்த்துக்கொள்கிறவர் அவருக்குத் தெரியாமல் அதை ஹோட்டலாக நடத்திக் காசு பார்க்கிறார். ஒரு வருஷம் முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் ஜூலையிலேயே வந்து நிற்கிறார்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்க வேண்டும். பணக்கார ஜே.பி. சிம்லாவில் இருக்கும் தன் பங்களாவுக்குச் சொல்லாமல் போகிறார், அங்கே பார்த்தால் நாகேஷ் பங்களாவை வாடகைக்கு விட்டிருக்கிறார், தான்தான் முதலாளி என்று காட்டிக்கொள்ளாமல் ஜே.பி. தன் வீட்டிலேயே வாடகை கொடுத்துத் தங்குகிறார். 1966 பொங்கலுக்கு வந்த "அன்பே வா". ஏ.சி. திருலோகசந்தர் இயக்கம், எம்.எஸ்.விஸ்வநாதன் இசை, ஏவி.எம்.முக்கு எம்.ஜி.ஆர். நடித்த ஒரே படம். கதையின் மூலம் "கம் செப்டம்பர்". மூலப் படத்தைவிட நம்ம படம் எனக்குப் பிடிக்கும் என்பதை எம்.ஜி.ஆர். ரசிகனாக இல்லாமல் நாகேஷ் ரசிகனாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆக அந்த இத்தாலி மாளிகையின் கதை ஒரு வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. மெட்டு தனியாக, இசைத்தட்டில், வேறு வழியாக வந்தது. இரண்டும் ஒரே படத்தைச் சேர்ந்தவை என்று தெரியாமலே இரண்டையும் ரசித்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். "அன்பே வா"வை நாலு தடவை பார்த்த அப்பாவும் சேர்த்துத்தான்.

இனி, மெட்டைப் போட்டது யார்? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஏனென்றால் மூன்று பேர் குறுக்கே வருகிறார்கள்.

படத்தின் பின்னணி இசை ஹான்ஸ் ஜே. சால்டர். ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கா போனவர், யுனிவர்சலின் பேய்ப் படங்களுக்கு இசையமைத்துப் பேர் வாங்கியவர். படத் தகவலை மட்டும் பார்த்தால் மெட்டு இவருடையது என்று எழுதிவிடுவோம். இரண்டாவது ஆள் பில்லி வான். டாட் ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் இசை இயக்குநர், தன் பேரில் ஒரு ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தவர். இசைத்தட்டு உறையில் பெரிய எழுத்தில் இருப்பது இவர் பேர்தான். மெல்லிசைக் குழுக்காரர்கள் "பில்லி வான் மியூசிக்" என்றே சொல்வார்கள், சித்தப்பாவும் அப்படித்தான் சொன்னார். ஆனால் மெட்டை எழுதியது மூன்றாவது ஆள். படத்தில் சின்னப் பையனாக நடித்த பாபி டாரின்.

இதைத் தெரிந்துகொள்ள வழி, 45 சுற்று இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம். அதில் பாட்டின் பேர் இருக்கும். அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் ஒரு பேர் இருக்கும், அதுதான் மெட்டு எழுதியவர். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் இருப்பது வாசித்தவர். பெரிய எழுத்தைப் பார்த்து எழுதினால் பில்லி வான், பொடி எழுத்தைப் பார்த்து எழுதினால் டாரின். நம்ம ஊர் சினிமா இசைத்தட்டிலும் இதே மாதிரி குழப்பம் நிறைய உண்டு. பாடியவர் பேர் நிலைக்கும், பாட்டு எழுதியவர் பேர் போய்விடும்.

டாரின் அதற்குள் பெரிய பாடகராகிவிட்டிருந்தார். 1958-ல் "ஸ்ப்ளிஷ் ஸ்ப்ளாஷ்", 1959-ல் "மேக் தி நைஃப்". 1960-ல் "கம் செப்டம்பர்" படப்பிடிப்புக்கு இத்தாலி போன இடத்தில் சாண்ட்ரா டீயைச் சந்தித்து, அந்த வருஷம் டிசம்பரிலேயே கல்யாணமும் செய்துகொண்டார். படத்துக்காக "மல்டிப்ளிகேஷன்" என்று ஒரு பாட்டையும் இந்த வரியில்லாத மெட்டையும் எழுதினார். பாடகர் ஒருவர் எழுதிய மெட்டுகளில் இந்தியாவில் அதிகம் ஒலித்தது அவர் குரலே இல்லாத ஒன்று. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதயத்தைக் கெடுத்திருந்தது. 1973 டிசம்பரில், 37 வயதில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார்.

டாரின் தன் பேரிலும் ஓர் ஆர்கெஸ்ட்ராவோடு இந்த மெட்டைப் பதிந்து 1961-லேயே வெளியிட்டார். ஆனால் நம் காதுக்குப் பழகியது பில்லி வானின் பதிப்பு. அதைப் பிரித்தறிவது சுலபம். பில்லி வானின் முத்திரை இரட்டை சாக்ஸபோன். இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்கள் ஒரே மெட்டை, ஒன்று கொஞ்சம் மேலே ஒன்று கொஞ்சம் கீழே, ஒட்டிக்கொண்டே வாசிக்கும். நம்ம ஊரில் "ச" பாடுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் "க"வில் சேர்ந்து பாடுகிற மாதிரி. 1957-லேயே "செயில் அலாங் சில்வரி மூன்" பதிவில் இதே உத்தியை வைத்துத்தான் அவர் பெரிய வெற்றி பெற்றார். உங்களுக்குக் கேட்பது இரண்டு சாக்ஸபோன் வழுக்கிக்கொண்டு போகிற சத்தம் என்றால் அது அநேகமாக வான். முன்னால் எலக்ட்ரிக் கிதார் நின்றால், பின்னால் வந்த கிதார் குழுக்களில் ஒன்று. டிரம்பெட், கிளாரினெட், பக்கத்தில் டோல் என்றால் கல்யாண பேண்டு. இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு வேறு.

கல்யாண பேண்டுகள் இதை ஏன் இறுகப் பிடித்துக்கொண்டன என்பதற்கு எனக்குத் தோன்றுகிற காரணம் ஒன்று உண்டு. வரி இல்லாததால் மொழி இல்லை. ஹிந்திப் பாட்டை மதுரையில் வாசித்தால் ஒரு மாதிரி, தமிழ்ப் பாட்டை நாக்பூரில் வாசித்தால் யாருக்கும் தெரியாது. இது எங்கேயும் செல்லும். நடந்துகொண்டே வாசிக்கத் தோதான தாளம். இரட்டை சாக்ஸபோனுக்காக அமைந்தது என்பதால் இரண்டு கிளாரினெட்டோ இரண்டு டிரம்பெட்டோ இருந்தாலே முழுசாகக் கேட்கும். சுரம் எழுதிப் படிக்காமல் காதால் கேட்டே பழகுகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

அப்பாவுக்கு டாரின் பதிப்பையும் வான் பதிப்பையும் பேர் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். டாரின் பதிப்புக்கு, "இதேதான், ஆனா இது இல்லை" என்றார். வான் பதிப்பு ஆரம்பித்து மூன்று வினாடி ஆகியிருக்காது. "ம், இதான். இது போட்டா வெளியில டீ குடிச்சிட்டிருக்கறவன் எல்லாம் க்ளாஸை வச்சிட்டு ஓடி வருவான்" என்றார். பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த தங்கமணி, "அப்போ பாட்டுதான் மாமாகிட்டேர்ந்து காப்பியடிச்சிருக்கு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

கொல்ஹாபூர் பயணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து இந்த ஆராய்ச்சி எங்கள் குடியிருப்பில் வேறு ஒரு காரியத்துக்கு உதவியது. கணபதி விழா வீடியோவுக்குப் பின்னணியாக இந்த மெட்டையே போடலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. "60 வருஷப் பழசு, யார் கேக்கப் போறா" என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம். பில்லி வானின் 1961 பதிவுக்கு அது 2021 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆனால் மெட்டுக்கு உரிமை, எழுதியவர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம். டாரின் இறந்தது 1973. எனவே மெட்டு 2033 முடியும்வரை உரிமைக்குள்தான் இருக்கிறது. எழுதியது சால்டர் என்றோ வான் என்றோ எடுத்துக்கொண்டிருந்தால் இந்த வருஷமே மாறியிருக்கும், ஏனென்றால் வான் இறந்தது 1991-ல். அது போக, வீடியோவை ஏற்றுகிற தளம் அமெரிக்கக் கம்பெனியுடையது. அமெரிக்கச் சட்டப்படி பதிவு, மெட்டு இரண்டுமே இன்னும் உரிமைக்குள் இருப்பவை. ஏற்றினால் சத்தத்தை நிறுத்திவிடவோ விளம்பரக் காசை வேறு ஒருவருக்குத் திருப்பிவிடவோ வாய்ப்பு உண்டு.

சங்கத்தில் இதைச் சொன்னேன். கடைசியில் விழா வீடியோவுக்கு எட்டாவது மாடிப் பையன் ஒருவன் வாசித்த தபலாவையே போட்டுவிட்டார்கள். ஊர்வலத்துக்கு வந்த பேண்டுக்காரர்கள் மட்டும், யாரும் கேட்காமலே, கேட்டுக்குள் நுழையும்போது "கம் செப்டம்பர்" வாசித்துக்கொண்டு வந்தார்கள்.